ஸ்கேன் அறை, மருத்துவமனைக் கட்டில், விமான நிலையம்: ஸ்மார்ட்வாட்சை எங்கே, ஏன் கழற்ற வேண்டும்?

ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பவரிடம் அதைக் கழற்றச் சொல்லும் இடங்கள் மூன்று. எம்.ஆர்.ஐ. அறையின் வாசலில் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் வார்டில் சொல்கிறார்கள். விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையிலும் சொல்கிறார்கள். மூன்று இடத்திலும் கேட்பது ஒரே கட்டளை என்பதால், காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 'கதிர் பட்டால் வாட்ச் கெட்டுப்போகும்' என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால், இந்த மூன்று இடங்களிலும் மணிக்கட்டின் ஊடாகச் செல்பவை வெவ்வேறானவை. அதனால் பாதிப்பு யாருக்கு என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்தில் வாட்சுக்கு ஒன்றும் ஆகாது, எடுக்கும் படம்தான் கெடும். இன்னோரிடத்தில் படத்துக்கும் வாட்சுக்கும் ஒன்றும் ஆகாது, கைதான் புண்ணாகும். எம்.ஆர்.ஐ. அறையில் மட்டுமே உடல், படம், வாட்ச் ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்படலாம் என்பதால், இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்த அறையைப் பற்றியதாகவே இருக்கும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 60ஐக் கடந்தவர். நெடுநாள் முழங்கால் வலி. எக்ஸ்ரே எடுத்த பிறகு எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எடுக்கும் கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா வலிமை கொண்டது. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 30,000 மடங்கு. பல மருத்துவமனைகளில் இப்போது 3 டெஸ்லா கருவிகளும் உள்ளன. முழங்காலைத்தான் படமெடுக்கப் போகிறார்கள், கை அங்கிருந்து வெகு தொலைவில் இருக்கிறது, வாட்சின் உறையோ டைட்டானியம், அதைக் காந்தம் இழுக்காது, பிறகு ஏன் கழற்ற வேண்டும் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது.

டைட்டானியத்தையும் அலுமினியத்தையும் காந்தம் இழுப்பதில்லை. வாட்ச் உறைகளுக்குப் பரவலாகப் பயன்படும் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகையும் அது அநேகமாக இழுக்காது. சிக்கல் உறைக்குள்தான் இருக்கிறது. மணிக்கட்டில் மெல்லத் தட்டி அறிவிப்புச் சொல்லும் அதிர்வுப் பொறிக்குள் நியோடிமியம் காந்தம் இருக்கும். ஒலிபெருக்கிக்குள் ஒரு காந்தம் இருக்கும். சார்ஜர் முதுகில் ஒட்டிக்கொள்ளும் வகை வாட்சானால் அங்கேயும் காந்தமோ, காந்தத்தால் இழுக்கப்படும் உலோகமோ இருக்கும். சில பட்டைகளின் பூட்டே காந்தத்தால் ஆனது. ஆக, வெளியே காந்தத்துக்கு மசியாத உலோகமும் உள்ளே கடைகளில் கிடைப்பவற்றிலேயே வலிமையான காந்தங்களுமாக அமைந்த பொருள் அது. உறையை மட்டும் பார்த்துப் பாதுகாப்பானது என்று முடிவு செய்வது, இந்த விஷயத்தில் மிகச் சாதாரணமாக நேரும் தவறு.

எம்.ஆர்.ஐ. காந்தம் ஒரு பொருளின் மீது இரண்டு விதமாகச் செயல்படுகிறது. ஒன்று இழுப்பு, மற்றொன்று திருப்பம். இழுப்பு அதிகமாக இருக்கும் இடம் குழலின் நடுப்பகுதி அன்று, அதன் வாய்ப்பகுதி. ஏனெனில் இழுப்பு என்பது புலத்தின் வலிமையால் மட்டும் வருவதன்று, புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதால் வருவது. திருப்பமோ புலம் சீராக இருக்கும் நடுப்பகுதியிலும் முழு வலிமையோடு இருக்கும். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புவதும் இதே விசைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 1 கிராம் நியோடிமியம் காந்தம் ஒன்று, குழல் வாயில் மீட்டருக்கு 5 டெஸ்லா என்ற அளவில் புலம் மாறும் இடத்தில் இருப்பதாகக் கொண்டால், அதன் மீது வரும் இழுப்பு ஏறத்தாழ 65 கிராம் எடைக்குச் சமம். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அதே காந்தம் 1.5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்காக நிற்கும்போது அதன் மீது வரும் திருப்பம், 1 சென்டிமீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் முனையில் ஏறத்தாழ 2 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். வாட்சுக்குள் இருக்கும் காந்தங்கள் பெரும்பாலும் 1 கிராமுக்கும் குறைவானவை. எதிரெதிர்த் துருவங்களாக அடுக்கப்பட்டும் இருப்பதால் மொத்த விளைவு இதைவிடக் குறையும். ஆயினும் கையில் கட்டிய வாட்ச் திடீரெனத் தானாகப் புரள முயல்வதை அணிந்தவர் உணரவும், காந்தப் பூட்டுள்ள பட்டை விட்டுப்போகவும் அது போதும். இறுக்கமாகக் கட்டிய வாட்ச் கையிலிருந்து பறந்துபோவது அரிது என்றே சொல்ல வேண்டும். அதையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனால், பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் பறக்கவும் கூடும்.

இந்தக் காந்தத்தைப் பற்றிப் பலர் அறியாத செய்தி, அது எப்போதும் உயிரோடு இருக்கிறது என்பது. திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்டு, மின்தடையே இல்லாதிருக்கும் மீக்கடத்திச் சுருளில் ஓடும் மின்னோட்டம்தான் அந்தப் புலத்தை உண்டாக்குகிறது. ஸ்கேன் நடக்கும்போது கேட்கும் தட்டல் ஒலி வேறு சுருள்களிலிருந்து வருவது. ஒலி நின்றதும் காந்தமும் நின்றுவிட்டது என்று எண்ணுவது உயிருக்கே உலை வைக்கும். 2025 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் இப்படி ஒரு மரணம் நேர்ந்தது. ஸ்கேன் முடிந்த மனைவி எழுந்திருக்க உதவுவதற்காக உள்ளே நுழைந்த 61 வயதுக்காரர், உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் ஏறத்தாழ 9 கிலோ உலோகச் சங்கிலி அணிந்திருந்தார். காந்தம் அவரைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டது. அவர் நோயாளி அல்லர், துணைக்கு வந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். 30 கிராம் வாட்சை 9 கிலோ சங்கிலியோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் உடலில் உலோகம் உண்டா என்று கேட்கும் சோதனைப் படிவத்தை நோயாளி மட்டும் நிரப்பினால் போதும் என்ற எண்ணம், சிறு பொருளுக்கும் பெரும் பொருளுக்கும் ஒரே வாசலைத் திறந்துவிடுகிறது.

வாட்சை அணைத்துவிடுவதாலோ, விமானப் பயன்முறையில் வைப்பதாலோ இவற்றில் எதுவும் மாறாது. உள்ளிருக்கும் காந்தத்துக்கு மின்சாரம் தேவையில்லை.

அடுத்தது ரேடியோ அலை. எம்.ஆர்.ஐ. கருவி உடலுக்குள் செலுத்தும் அலையின் அதிர்வெண், 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். அந்த அலை தோலின் அருகே மூடிய வளையமாக ஓர் உலோகத்தைக் கண்டால், அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். பின்னல் எஃகுப் பட்டை மணிக்கட்டைச் சுற்றி மூடும்போது அப்படியொரு வளையம் உருவாகிறது. அந்த மின்னோட்டம் பட்டை முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. பூட்டு இணையும் இடம், தோலோடு உரசும் விளிம்பு போன்ற குறுகிய, தடை மிகுந்த புள்ளிகளில்தான் வெப்பம் குவியும். ஆகவே தீப்புண் நேர்ந்தால் அது சிறிய, ஆழமான புள்ளியாகவே பெரும்பாலும் இருக்கும்.

முழங்கால் ஸ்கேனில் கால்களை முதலில் உள்ளே அனுப்புவார்கள். கைகள் இடுப்பின் பக்கவாட்டில் கிடக்கும். அலையைச் செலுத்தும் பெரிய சுருளின் எல்லைக்குள் மணிக்கட்டு வருமா என்பது கருவியையும் நோயாளியின் உயரத்தையும் பொறுத்தது. முழங்காலுக்கென்றே தனியாக அலை செலுத்தும் சுருளைப் பொருத்தினால் கைக்கு எட்டும் ஆற்றல் குறையும். அந்தப் பெரிய சுருளையே பயன்படுத்தினால் குறையாது. இதை வாசலில் நிற்கும் நோயாளியால் கணிக்க முடியாது. கணிக்க வேண்டியதும் இல்லை. உலோகமே இல்லாமல்கூட இத்தகைய வளையம் உருவாகலாம் என்பதால்தான், விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டாம், கை தொடையைத் தொட வேண்டாம் என்று சொல்லித் தொழில்நுட்பர் நடுவில் மெத்தைத் துண்டுகளை வைக்கிறார்.

படத்துக்கு என்ன ஆகும்? உலோகம் தன் அருகிலுள்ள காந்தப்புலத்தைக் கோணலாக்குவதால், படத்தில் அந்த இடம் கருந்துளைபோலவும், அதைச் சுற்றியுள்ள உறுப்புகள் வளைந்தும் தெரியும். இது அருகில் மட்டுமே நிகழும் விளைவு. மணிக்கட்டில் உள்ள உலோகம் முழங்காலின் படத்தை இப்படிக் கெடுக்காது. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் வாட்ச் வேறொரு கெடுதலைச் செய்ய வல்லது. உடலிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை மிக நுண்ணியது என்பதால், வெளியுலக ரேடியோ இரைச்சல் நுழையாதபடி அறை முழுவதையும் செம்புத் தகட்டால் போர்த்தியிருப்பார்கள். அந்தக் கூண்டுக்குள்ளேயே ஒரு மின்னணுக் கருவியைக் கொண்டுபோனால் இரைச்சல் உள்ளிருந்தே பிறக்கிறது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அது எம்.ஆர்.ஐ. அலைவரிசைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் வாட்சின் செயலியும் திரையும் உண்டாக்கும் சிதறல் அதிர்வுகள் அந்த அலைவரிசைக்குள் விழக்கூடும். அப்போது படத்தின் குறுக்கே புள்ளிபுள்ளியாக ஒரு நேர்க்கோடு ஓடும். உடைகளில் உள்ள ஜிப்பைப் போலத் தெரிவதால் கதிரியக்கத் துறையினர் அதை ஜிப்பர் என்றே அழைக்கிறார்கள். நோயாளியின் உடலமைப்புக்கும் அந்தக் கோட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதிருப்பதே அதை அடையாளம் காணும் வழி.

வாட்சுக்கு நேர்வது பெரும்பாலும் உடனே வெளியே தெரியாது. மணி சரியாகக் காட்டும், திரை ஒளிரும். அதிர்வு மட்டும் மங்கியிருக்கும், ஒலிபெருக்கி கரகரக்கும், திசைகாட்டி வடக்கைத் தவறவிடும். அதிர்வுப் பொறியின் காந்தம் வலிமை இழந்ததும், உள்ளிருக்கும் உலோகத் துண்டுகள் தாமே காந்தமாகிவிட்டதுமே இவற்றுக்குக் காரணமாக இருக்கலாம். திசைகாட்டியை மறுபடி சீரமைத்தால் சரியாகக்கூடும். பொறியின் காந்தம் தானாகத் திரும்பி வராது. மின்கலம் வீங்கி, திரையின் விளிம்பு உயர்ந்திருந்தால் அதைச் சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும்.

மறந்துபோய் வாட்சோடு அறைக்குள் நுழைந்துவிட்டவர் செய்ய வேண்டியது எளிது. அங்கேயே அவசரமாகக் கழற்றக் கூடாது. கழன்ற நொடியில் அதைப் பிடித்திருப்பது விரல்நுனி மட்டுமே. கையை உடலோடு அணைத்துக்கொண்டு, மற்றொரு கையால் வாட்சைப் பொத்தியபடி, வந்த வழியே மெதுவாக வெளியேற வேண்டும். ஸ்கேன் தொடங்கிய பிறகு நினைவுக்கு வந்தால், கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அழுத்தினால் போதும். அவர்கள் நிறுத்தி வெளியே எடுப்பார்கள். கையில் எங்காவது சூடாகத் தோன்றினாலும் இதையேதான் செய்ய வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கொஞ்சம் சூடு இயல்பு என்று கேள்விப்பட்டு அதைப் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. உடல் முழுவதும் பரவும் மெல்லிய வெதுவெதுப்பு இயல்பானதுதான். ஒரே புள்ளியில் சுடுவது இயல்பன்று.

காந்தமோ அலையோ சம்பந்தப்படாத வினோதம் ஒன்றும் எம்.ஆர்.ஐ.யோடு ஒட்டியே நடந்திருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் புதிய எம்.ஆர்.ஐ. கருவியை நிறுவும்போது ஹீலியம் கசிந்து கட்டடத்தின் காற்றோட்டக் குழாய்களில் பரவியது. ஏறத்தாழ 40 ஐஃபோன்களும் ஆப்பிள் வாட்சுகளும் அந்தக் கட்டடத்தில் செயலிழந்தன. மற்ற நிறுவனங்களின் போன்கள் வழக்கம்போல் இயங்கின. செயலிழந்த ஆப்பிள் கருவிகளில் நேரத்தை அளக்கக் குவார்ட்ஸ் படிகத்துக்குப் பதிலாக, வெற்றிடத்தில் அதிரும் நுண்ணிய சிலிக்கான் துண்டு பயன்படுத்தப்பட்டிருந்தது. ஹீலியம் அணு மிகச் சிறியதாதலால் அந்த மூடிய வெற்றிடத்துக்குள் ஊடுருவி, துண்டின் அதிர்வைக் குலைத்துவிட்டது. சில நாட்களில் ஹீலியம் வெளியேறியதும் பெரும்பாலானவை மீண்டுவிட்டன. நோயாளிகள் இதை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. கட்டடத்தில் வேலை செய்பவரின் வாட்ச் காரணமின்றி இறந்துபோனால் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் இவ்வளவு நீண்ட விளக்கத்தைக் கோருவதில்லை. எக்ஸ் கதிர் வாட்சின் ஊடாகச் சென்றால் வாட்சுக்கு எதுவும் ஆகாது. நோயறிதலுக்குப் பயன்படும் அளவு அதன் நினைவகத்தை அழிக்கவும் போதாது. இங்கே கெடுவது படம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் வாட்ச் இருந்தால் பார்க்க வேண்டிய எலும்பே மறைந்துவிடும் என்பது சொல்லாமலே விளங்கும். சி.டி.யில் அந்தக் கெடுதல் சற்று வஞ்சகமானது. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எடுத்த அளவுகளைக் கணினி ஒன்றுசேர்த்தே படத்தை உருவாக்குவதால், உலோகம் தடுத்த கதிர்களின் பிழை அது இருந்த இடத்தில் மட்டும் நிற்காமல், அந்தத் தளம் முழுவதும் வெள்ளையும் கறுப்புமான கீற்றுகளாகச் சிதறுகிறது. இடுப்பருகே கிடக்கும் கையில் உள்ள வாட்ச், அதே மட்டத்திலுள்ள குடலின் படத்தைக் கீறிவிடும். மார்பு, வயிறு சி.டி.க்குக் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தச் சொல்வதற்கும், கை எலும்புகளே இத்தகைய கீற்றுகளை ஓரளவு உண்டாக்குவது ஒரு காரணம். கைகளை உயர்த்த முடியாத நோயாளிகளுக்குத்தான் வாட்சைக் கழற்றுவது இங்கே முக்கியமாகிறது. அல்ட்ராசவுண்டில், ஆய்வுக்கருவி வைக்கும் இடத்தில் வாட்ச் இல்லாத வரை எந்தச் சிக்கலும் இல்லை.

நம் நோயாளிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிவாகிறது. வார்டில் வாட்சை அணிய வேண்டாம் என்று செவிலியர் சொல்வதற்கு மின்னணுவியலோடு தொடர்பே இல்லாத காரணங்கள் இருக்கின்றன. அறுவை சிகிச்சையின்போது நரம்பு வழியே ஏற்றும் திரவங்களால் கை வீங்கலாம். நேற்று சரியாக இருந்த பட்டை இன்று தோலில் பதியும். மயக்கத்தில் இருப்பவருக்கு அந்த அழுத்தம் தெரியாது. கையில் ஊசிக்குழாய் செருகியிருப்பார்கள். சிலருக்கு இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்க மணிக்கட்டுத் தமனியிலேயே குழாய் வைப்பார்கள், வாட்ச் இருக்கும் அதே இடத்தில். இரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் திசுவைக் கருக்கும் கருவியைப் பயன்படுத்தும்போது, உடலில் உள்ள உலோகம் மின்னோட்டம் வெளியேறும் மாற்றுப்பாதையாகிச் சுடக்கூடும். இன்றைய கருவிகளில் அந்த வாய்ப்பு குறைவு என்றாலும் முற்றாக நீங்கவில்லை. அறுவை அரங்குக்குப் போகும்போது வாட்ச் வீட்டாரிடம் இருப்பதே சரி.

அறுவை முடிந்து வார்டுக்குத் திரும்பிய மறுநாள் அவர் வாட்சைக் கேட்கிறார், கட்டிக்கொள்கிறார். இங்கேதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் சிக்கல் தொடங்குகிறது. மார்பில் ஒட்டிய மின்முனைகளோடு இணைந்த மானிட்டர், நிமிடத்துக்கு 124 இதயத்துடிப்பு என்று காட்டுகிறது. வாட்சோ 86 என்கிறது. மருத்துவமனைக் கருவி பழையது, இந்த வாட்ச்தான் புதியது என்று அவருடைய மகன் வாதிடுகிறார். இரண்டுமே தத்தமக்குரியதைச் சரியாகவே அளந்திருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மானிட்டர் எண்ணுவது இதயத்தின் மின்துடிப்புகளை. வாட்ச் எண்ணுவது மணிக்கட்டுக்கு வந்து சேரும் இரத்த அலைகளை. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் நிறையும்போது திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு வந்தால், அது பெரிய அறுவைக்குப் பின் வயதானவர்களிடம் காணப்படுவதே, சில துடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். இதய அறை நிரம்புமுன்பே அது சுருங்கிவிடுவதால் அந்தத் துடிப்பு கை வரை எட்டும் அலையை உண்டாக்குவதில்லை. மார்பில் 124 துடிப்பும் மணிக்கட்டில் 86 அலையும் அப்படி ஒரே நேரத்தில் உண்மையாகலாம். இந்த வேறுபாட்டை மருத்துவர்கள் ஸ்மார்ட்வாட்ச் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, ஒருவர் ஸ்டெதஸ்கோப்பிலும் ஒருவர் மணிக்கட்டிலும் எண்ணிக் கண்டறிந்துவந்தார்கள். சிகிச்சைக்குத் தேவையான எண் மானிட்டரின் எண்தான். 86 என்பதைப் பார்த்து நிம்மதியடைந்து, படபடப்பாக இருப்பதைச் சொல்லாமல் விடுவதே இங்குள்ள உண்மையான ஆபத்து.

ஆக்சிஜன் அளவிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். விரலில் மாட்டும் கிளிப், சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஊடுருவச் செய்து அளக்கிறது. வாட்ச் எலும்பு மிகுந்த மணிக்கட்டிலிருந்து எதிரொளித்து வருவதைக் கொண்டு கணிக்கிறது. கை குளிர்ந்திருந்தாலோ, அதே கையில் இரத்த அழுத்தப் பட்டை காற்றடைத்து இறுகினாலோ வாட்சின் எண் தடுமாறும். மயிர்க்கூச்செறியும் எண் ஒன்று வாட்சில் தெரிந்தால், விரல் கிளிப் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பதறலாம்.

பேஸ்மேக்கரோ, இதயத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியவர்களுக்கு வார்டில் தனி விதி உண்டு. இக்கருவிகள் காந்தம் அருகே வந்தால் தம் இயல்பை மாற்றிக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டவை. மருத்துவர் மார்பின் மேல் காந்தத்தை வைத்தால், பேஸ்மேக்கர் இதயத்தைக் கவனிப்பதை நிறுத்தி மாறா வேகத்தில் துடிப்பைக் கொடுக்கும். டிஃபிப்ரிலேட்டர் பெரும்பாலும் சிகிச்சை தருவதையே நிறுத்திவைக்கும். சுமார் 1 மில்லிடெஸ்லா புலமே இதற்குப் போதும். செல்போன்களையும் ஸ்மார்ட்வாட்சுகளையும் இத்தகைய கருவிகளிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே வைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் அறிவுறுத்தியது. நடமாடும்போது மணிக்கட்டு மார்பிலிருந்து தானாகவே விலகி இருக்கும். மருத்துவமனைக் கட்டிலில் நாளெல்லாம் படுத்திருப்பவரோ கையை மார்பின் மேல் வைத்தபடியே உறங்குவார். ஆகையால் கருவி இடப்பக்கம் இருந்தால் வாட்ச் வலக்கையில் இருக்க வேண்டும். காந்தச் சார்ஜரை மார்பில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. காந்தம் விலகியதும் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஆறுதல்தான். ஆனால் டிஃபிப்ரிலேட்டருக்கு வேலை வந்த அந்த நிமிடத்தில் காந்தம் அருகே இருந்தால் அந்த ஆறுதலுக்குப் பொருளில்லை.

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்தவர்கள் அந்தக் கையில் வாட்சையே கட்டக் கூடாது, மருத்துவமனையிலும் கூடாது, வீட்டிலும் கூடாது. இறுக்கமான பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுத்து ஃபிஸ்டுலாவை அடைத்துவிடக்கூடும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெறுபவர்கள் தனியறையில் இருக்கும் நாட்களில் வாட்சைக் கொண்டுபோகாதிருப்பது நல்லது. வியர்வையிலும் அயோடின் வெளியேறுவதால் பட்டை மாசுபட்டு, அளந்து பார்த்த பிறகே திரும்பக் கிடைக்கும். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கும் கட்டிலில், போர்வைக்கடியில் எந்தச் சார்ஜரையும் வைக்கக் கூடாது.

குணமாகி ஊர் திரும்ப நம் நோயாளி விமான நிலையத்துக்கு வருகிறார். மேலே சொன்னவற்றோடு ஒப்பிட்டால் வாட்சுக்கு இது மிகச் சாதுவான இடம். நடந்து கடக்கும், உலோகத்தைக் கண்டறியும் சட்டம் மிக மெல்லிய, மாறும் காந்தப்புலத்தால் இயங்குகிறது; எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட அதில் ஒன்றுமில்லை. கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லும் அறைபோன்ற கருவி, எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதில்லை. 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய மில்லிமீட்டர் அலைகளை உடலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பச் செய்கிறது. உலோகம் அந்த அலையைத் தோலைவிட வலுவாகத் திருப்பியனுப்புவதால், திரையில் உள்ள பொது மனித உருவத்தின் மணிக்கட்டில் ஒரு கட்டம் ஒளிரும். காவலர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். வாட்சைக் கழற்றச் சொல்வது இந்தத் தாமதத்தைத் தவிர்க்கவே. பையைச் சோதிக்கும் எக்ஸ் கதிரும் ஒளிப்படச் சுருளுக்குத்தான் கேடு, வாட்சின் நினைவகத்துக்கு அன்று. தட்டில் தனியாக வைத்தால் கீறல் விழவும், மறந்து விட்டுப்போகவும், யாராவது எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புள்ளதால், கைப்பைக்குள் போட்டு அனுப்புவதே மேல்.

வாட்சைக் கழற்றிய பிறகும் அவருக்காகச் சட்டம் ஒலிக்கிறது. ஒலிக்கத்தான் வேண்டும், அவருடைய முழங்காலில் இப்போது கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் இருக்கிறது. கழற்ற முடியாததை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நேரே மில்லிமீட்டர் அலைக் கருவிக்கு அனுப்புவார்கள். அது உடலுக்குள் ஊடுருவாததால் மூட்டைக் காட்டாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் சட்டத்தை வழக்கமான நடையில் கடந்துவிடலாம்; அதன் அருகே நின்றுகொண்டிருக்கவும், கையில் பிடிக்கும் சோதனைக்கோலை மார்பின் மேல் நெடுநேரம் நிறுத்தவும் இடம் கொடுக்கக் கூடாது.

வாட்சின் மின்கலம் பெரும்பாலும் 1 முதல் 2 வாட்-மணி வரைதான். கைப்பையில் கொண்டுபோகும் கருவிகளுக்கு விமானத் துறை வகுத்துள்ள 100 வாட்-மணி வரம்புக்கு அது அருகில்கூட வராது. சரக்குப் பெட்டியில் போகும் பையில் வைத்தால் மட்டும் முழுவதுமாக அணைத்துவிட வேண்டும்.

விமான நிலையத்தில் உண்மையாகவே யோசிக்க வேண்டியவர்கள், இரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் உணர்வியின் எண்ணை வாட்சில் பார்ப்பவர்கள். வாட்ச் அந்த எண்ணைக் காட்டும் திரை மட்டுமே. அளப்பது தோலில் ஒட்டியுள்ள உணர்வி. சில உற்பத்தியாளர்கள் தங்கள் உணர்வியையோ இன்சுலின் பம்பையோ எக்ஸ் கதிர்ப் பெட்டிக்குள்ளும் உடல் ஸ்கேனருக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். வேறு சிலர் அனுமதிக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் விதி மாறுவதும் உண்டு. அந்தக் கருவியின் கையேட்டில் உள்ள பயணப் பகுதியைப் புறப்படுமுன் படித்துவிட்டு, தேவைப்பட்டால் சோதனை வரிசையின் தொடக்கத்திலேயே கையால் சோதிக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். அதே உணர்வியோடு எம்.ஆர்.ஐ.க்கோ சி.டி.க்கோ போக நேர்ந்தாலும், சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிட்டால், உணர்வியை மாற்ற வேண்டிய நாளோடு ஸ்கேன் நாளைப் பொருத்திக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் இன்னும் பல நாள் உழைக்கக்கூடிய உணர்வியை ஸ்கேன் அறை வாசலில் பிய்த்தெறிய வேண்டியிருக்கலாம்.